வாரண்டி முடிய 33 நாள், டிஷ்வாஷர் இன்னும் ஒழுகுகிறது: புகார்க் கடிதத்தில் என்ன எழுதுவது?

குடந்தை டீச்சர் | 6 அக்டோபர் 2025

டிஷ்வாஷர் வாங்கியது 2023 நவம்பர் 9, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. இரண்டு வருட வாரண்டி, வருகிற நவம்பர் 8 வரை. முதல் ஒழுகல் இந்த ஆகஸ்ட் 3. ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய்ப் பெருக்கு பார்த்துவிட்டு வந்தால் அடுப்படியிலும் பெருக்கு. அன்றைக்குச் சிரித்தோம்.

மூன்று தடவை ஆள் வந்தாயிற்று. முதல் ஆள் (ஆகஸ்ட் 8) நுரை அதிகம், பவுடரைக் குறையுங்கள் என்று ஃபில்டரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் ஆள் (ஆகஸ்ட் 27) தண்ணீர் வரும் ஹோஸை மாற்றினார். மூன்றாமவர் (செப்டம்பர் 16) கதவு ரப்பர் போய்விட்டது, ரப்பர் வாரண்டியில் வராது, பார்ட் வந்ததும் சொல்கிறேன் என்றார். பார்ட்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. போன் செய்தால் மூன்று புகாரும் 'தீர்க்கப்பட்டது' என்று கம்ப்யூட்டரில் இருக்கிறதாம்.

சர்வீஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதப் போகிறேன். நவம்பர் 8 தாண்டிவிட்டால் கைவிரித்துவிடுவார்களா? கடிதத்தில் என்ன இருந்தால் தப்பிக்க முடியாது?

ஈயச்சொம்பு | 6 அக்டோபர்

தஞ்சாவூர் ஜில்லாவில் வாழை இலைக்கா பஞ்சம்? இலையில் சாப்பிட்டு மாட்டுக்குப் போடுங்கள். ஒழுகாது.

குடந்தை டீச்சர் | 6 அக்டோபர்

இலையிலேயே சாம்பாரும் வைத்துக் காட்டுங்கள், மெஷினை விற்றுவிடுகிறேன்.

மன்னை மைனர் | 7 அக்டோபர்

கவலையே வேண்டாம் அக்கா. ரிப்பேரில் கிடந்த நாளெல்லாம் வாரண்டியில் தானாகக் கூடிவிடும், அதுதான் சட்டம். கடிதமெல்லாம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம், அது இல்லாமல் நுகர்வோர் கோர்ட்டில் வாங்கவே மாட்டார்கள்.

பழைய டைப்பிஸ்ட் | 7 அக்டோபர்

இரண்டுமே தப்பு தம்பி. கோர்ட் வாசலில் இருபது வருஷம் மனு தட்டியவன் சொல்கிறேன். தானாக நீளும் என்று சட்டம் எதுவும் இல்லை. பல கம்பெனி அட்டையில் 'ரிப்பேர் செய்வதால் வாரண்டி நீளாது' என்றே அச்சடித்திருக்கும். வக்கீல் நோட்டீஸும் கட்டாயம் இல்லை, அம்மாவே மனு போட்டு அம்மாவே பேசலாம். 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்றைக்குச் சரிசெய்தார்கள் என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. கோளாறு என்றைக்கு வந்தது, என்றைக்கு அவர்களிடம் சொன்னீர்கள், இந்த இரண்டும் நவம்பர் 8-க்குள் இருந்தால் போதும். அதை அவர்கள் கம்ப்யூட்டரை நம்பி விடாதீர்கள். அங்கேதான் மூன்று தடவை தீர்ந்துபோயிற்றே. நவம்பர் 8-க்கு முன்னால் உங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். கடிதம் அதற்குத்தான்.

குடந்தை டீச்சர் | 7 அக்டோபர்

அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்ன வரி அப்படியே இருக்கிறது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில்.

'தீர்க்கப்பட்டது' எப்படி வந்தது என்றும் புரிந்தது. பகலில்தான் வருவார்கள், நான் பள்ளியில் இருப்பேன், வீட்டில் மாமியார் மட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு நடுவில் போன் வரும், "மேடம், ஓ.டி.பி. சொல்லுங்க, கிளம்பணும்." சொல்லிவிடுவேன். மூன்று தடவையும் சொல்லியிருக்கிறேன். அந்த நாலு எண்தான் 'வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி' என்பதற்கு என் கையெழுத்து. வாங்கிக்கொண்டுபோன பிறகுதான் தெரிகிறது.

திருச்சி ஸ்பேனர் | 7 அக்டோபர்

பதினோரு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன், இப்போது இல்லை. ஓ.டி.பி. வாங்காமல் போனால் அன்றைய வேலை எங்கள் கணக்கில் ஏறாது, அதனால் அடம்பிடிப்போம். ஒரு முழு ஓட்டம் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.

கடிதம் அப்புறம். தண்ணீர் எப்போது வருகிறது? ஆரம்பித்ததுமா, நடுவிலா, வெளியேற்றும்போதா? எந்த மூலையில்? மூன்று ஆளும் மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒருத்தரும் ஒழுகுவதைப் பார்க்கவில்லை.

குடந்தை டீச்சர் | 8 அக்டோபர்

மூலை தெரியும்: முன்பக்கம், இடது ஓரம். எப்போது என்றால், முடித்துவிட்டு வந்து பார்க்கும்போது ஈரம் இருக்கும். தினமும் இல்லை. இரண்டு வேளையும் போட்டால் வரும். விருந்தாளி வந்த வாரம் இரண்டு தடவை மெஷின் எரர் காட்டி நின்றுவிட்டது. உள்ளே ஏதோ மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, பிளக்கைப் பிடுங்கினால்தான் அடங்கியது.

திருச்சி ஸ்பேனர் | 8 அக்டோபர்

அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா டீச்சர்.

மெஷின் அடியில் ஒரு தட்டு இருக்கும், உள்ளே சொட்டுவதெல்லாம் அதில் விழும். தட்டில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், உடனே உள்ளே தண்ணீர் வருவது நின்று வெளியேற்றும் மோட்டார் விடாமல் ஓடும். நீங்கள் கேட்டது அந்த மோட்டார். ஆக, ஒழுகல் உள்ளே, தட்டுக்கு மேலே எங்கேயோ. கதவு ரப்பர் போனால் தண்ணீர் பெரும்பாலும் நேராகத் தரைக்குத்தான் வரும். ஒரு வேளை போட்டால் கொஞ்சம் விழுந்து, மறுநாளைக்குள் சூட்டில் காய்ந்துவிடுகிறது. இரண்டு வேளை போட்டால் சேர்ந்துவிடுகிறது.

அடுப்படித் தரைக்கு வாட்டம் எந்தப் பக்கம்?

குடந்தை டீச்சர் | 8 அக்டோபர்

முன்பக்கம், இடது மூலைச் சல்லடையைப் பார்த்து. பழைய வீடு, நல்ல வாட்டம்.

திருச்சி ஸ்பேனர் | 8 அக்டோபர்

அதான். பல மெஷினில் மிதவை பின்பக்கமாக இருக்கும். மெஷின் முன்னால் சாய்ந்திருந்தால் மிதவை தூக்குமுன் முன்மூலையில் வழிந்துவிடும். கால் திருகை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்திருக்க வேண்டும், அது மாட்டிக்கொடுத்தவர் வேலை.

சனிக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரம், பவுடர், திரவம் எதுவும் இல்லாமல் வெறும் மெஷினை முழுச் சூடு ஓட்டத்தில் விடுங்கள். கீழே பேப்பர், கதவின் அடி விளிம்பில் டிஷ்யூ பேப்பர். பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்து எழுதுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றினால் 'வாடிக்கையாளர் கைவைத்தார்' என்று எழுதிவிடுவார்கள், கரண்ட் இருக்கிற இடமும்கூட.

திருவாரூர் டிபன் | 9 அக்டோபர்

எனக்கும் இதே கதைதான். வீட்டில் டிபன் செய்து கொடுக்கிறேன், நாற்பது பேருக்கு. மெஷின் நின்றுபோனது. வந்தவர் வாசலில் இருந்த போர்டைப் படம் எடுத்தார், வணிக உபயோகம், வாரண்டி இல்லை என்று போய்விட்டார். உங்களையும் அப்படித்தான் செய்வார்கள், டியூஷன் போர்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பழைய டைப்பிஸ்ட் | 9 அக்டோபர்

டியூஷனுக்கும் பாத்திரத்துக்கும் என்னம்மா சம்பந்தம். உங்கள் விஷயம் வேறு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்கிறவர் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று வாரண்டி அட்டையில் இருந்தால் அது தனி வழக்கு. தனியாகக் கேள்வி போடுங்கள், இதில் கலந்தால் இரண்டும் கெடும்.

குடந்தை டீச்சர் | 9 அக்டோபர்

முதல் வரைவு எழுதினேன். ஆரம்பம் இப்படி: "வாடிக்கையாளரைத் தெய்வமாக மதிப்பதாக விளம்பரம் செய்யும் தங்கள் நிறுவனம், வயதான மாமியாருடன் ஈரத் தரையில் அல்லாடும் ஓர் ஆசிரியையின் கண்ணீரை..."

இரண்டரைப் பக்கம். எழுதும்போது ரொம்ப நன்றாக இருந்தது.

பழைய டைப்பிஸ்ட் | 9 அக்டோபர்

கண்ணீரை எடுங்கள் அம்மா, ஏற்கெனவே தரையெல்லாம் தண்ணீர். இரண்டரைப் பக்கத்தில் மெஷின் எந்தத் தேதியில் ஒழுகியது என்று ஒரு வரி இருக்கிறதா?

குடந்தை டீச்சர் | 10 அக்டோபர்

இல்லை.

தேதிக்காக ஜாப் ஷீட்டைத் தேடினேன். ஒரு திருத்தம்: ஹோஸ் மாற்றியது ஆகஸ்ட் 27 அல்ல, 29. 27 விநாயகர் சதுர்த்தி, விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன், அவர் வரவில்லை என்று திட்டியதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. ஞாபகத்தை நம்பி எழுதியிருந்தால் முதல் வரியிலேயே பிடித்திருப்பார்கள். செப்டம்பர் 16-க்கு ஷீட்டே கொடுக்கவில்லை, போனில் வந்த செய்தி மட்டும் இருக்கிறது. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கல். பில் தம்பி பெயரில். அவன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக் கடையில் எடுக்கச் சொன்னான். நான் புகார் செய்யலாமா?

பழைய டைப்பிஸ்ட் | 10 அக்டோபர்

செய்யலாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான், சட்டத்திலேயே இருக்கிறது. 'என் உபயோகத்துக்காகத் தம்பி வாங்கித் தந்தது' என்று கடிதத்தில் ஒரு வரி போடுங்கள், தம்பியிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

குடந்தை டீச்சர் | 11 அக்டோபர்

சோதனை முடிந்தது. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து "பத்துப்பாத்திரம் இல்லாத மெஷினுக்கு எதுக்குடி காவல்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காலை 10.05-க்குப் போட்டேன். தண்ணீர் ஏறும் சத்தம் நாலு நிமிடம், பேப்பர் காய்ந்தே இருந்தது. பிறகு உள்ளே சுழன்று அடிக்க ஆரம்பித்தது, அப்போதும் ஒன்றுமில்லை. 10.30 வாக்கில் கதவைத் தொட்டால் சூடு. 10.34-க்கு டார்ச்சில் ஒரு சொட்டு மின்னியது, இடது பக்கம், உள்ளே தள்ளி. பிறகு விட்டுவிட்டுச் சொட்டு. 11 மணிக்குள் முன்மூலையில் பேப்பர் நனைந்துவிட்டது. கதவடி டிஷ்யூ கடைசிவரை உலர்ந்தே இருந்தது. நுரை ஒரு துளி இல்லை, பவுடரே போடவில்லையே.

எல்லாவற்றையும் கைப்பேசியில், சுவர்க் கடிகாரமும் தெரிகிற மாதிரி, வீடியோ எடுத்திருக்கிறேன்.

குடந்தை டீச்சர் | 12 அக்டோபர்

ஞாயிறு. சூடு இல்லாத, வெறும் அலசல் மட்டும் செய்கிற குட்டி ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு சொட்டுகூட இல்லை.

மூன்று ஆள்களும் சோதித்தது இதைத்தான். மாமியார் சொல்கிறார், "பட்டனை அமுக்குவான், காபி குடிப்பான், காபி ஆறறதுக்குள்ள அதுவும் நின்னுடும்."

திருச்சி ஸ்பேனர் | 12 அக்டோபர்

டீச்சர், இனி உங்களுக்குக் கடிதமே வேண்டாம், அந்த இரண்டு தாளே போதும்.

பச்சைத் தண்ணீரில் ஒழுகவில்லை, சூடானதும் ஒழுகுகிறது. தண்ணீர் ஏறும்போது இல்லாததால் ஹோஸ் இல்லை. டிஷ்யூ காய்ந்திருப்பதால் கதவு ரப்பர் இல்லை. பவுடர் போடாததால் நுரை இல்லை. என் சந்தேகம், அடியில் தண்ணீரைச் சூடாக்கிச் சுழற்றும் பம்பும் அடிக்குழியும் சேரும் இடத்து ரப்பர் சீல். சூட்டில் விரிந்து விலகினால் சொட்டும், ஆறினால் மூடிக்கொள்ளும். திறந்து பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். கடிதத்திலும் சீல் என்று எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. தப்பான பார்ட் பெயரை எழுதினால் அதை மட்டும் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று போய்விடுவார்கள்.

குடந்தை டீச்சர் | 12 அக்டோபர், இரவு

உறுத்துகிற விஷயம் ஒன்று. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. மே மாதம் தஞ்சாவூர் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம். மெஷினில் உப்புப் போட ஓர் அறை, தண்ணீருக்கு ஏற்ற மாதிரி வைக்க ஓர் அளவு. உப்பு ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். அளவு மட்டும் கம்பெனியிலிருந்து வந்த கீழ்நிலையிலேயே கிடந்திருக்கிறது, இன்றைக்குத்தான் பார்த்தேன். மாட்டிக்கொடுத்தவர் கையெழுத்திட்ட ஷீட்டில் 'தண்ணீர்க் கடினத்தன்மை' என்ற கட்டம் காலி.

இதைக் கடிதத்தில் சொல்வதா, மறைப்பதா?

மன்னை மைனர் | 13 அக்டோபர்

சொல்லவே கூடாது! அவர்கள் கையில் நீங்களே கம்பைக் கொடுப்பதா?

திருச்சி ஸ்பேனர் | 13 அக்டோபர்

480-ஐ 17.8-ஆல் வகுத்தால் சுமார் 27 ஜெர்மன் டிகிரி. உங்கள் மெஷின் புத்தகத்தில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது?

குடந்தை டீச்சர் | 13 அக்டோபர்

50.

திருச்சி ஸ்பேனர் | 13 அக்டோபர்

அப்போது உங்கள் தண்ணீர் அவர்கள் சொன்ன எல்லைக்குள்தான். சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் திறந்ததும் வெள்ளைப் படிவம் தெரியத்தான் போகிறது.

குடந்தை டீச்சர் | 14 அக்டோபர்

மைனர் சொன்னதை யோசித்தேன், டைப்பிஸ்ட் ஐயாவும் ஸ்பேனர் பக்கமே நிற்கிறார். சொல்லிவிட்டேன். ஒரே பக்கம். பெயர், எண்களை எடுத்துவிட்டு அப்படியே போடுகிறேன், யாருக்காவது உதவும்.

> பொருள்: வாரண்டி காலத்தில் தெரிவிக்கப்பட்டு, மூன்று வருகைக்குப் பிறகும் சரிசெய்யப்படாத டிஷ்வாஷர் ஒழுகல்.
>
> மேற்படி இயந்திரம் 9.11.2023 அன்று ரூ. 38,500-க்கு என் உபயோகத்துக்காக என் தம்பியால் வாங்கப்பட்டது. வாரண்டி 8.11.2025 வரை. ஒழுகல் 3.8.2025 அன்று தொடங்கியது, மறுநாளே தங்களிடம் பதிவு செய்தேன். தங்கள் ஊழியர்கள் 8.8.2025, 29.8.2025, 16.9.2025 ஆகிய நாள்களில் வந்து முறையே நுரை, நீர்க்குழாய், கதவு ரப்பர் என்று மூன்று வேறு காரணங்கள் கூறினர். ஒழுகல் நிற்கவில்லை. மூன்று பணிகளும் முடிந்ததாகத் தங்கள் பதிவில் இருப்பது சரியல்ல. நான் ஓ.டி.பி. தந்தது ஊழியர் வந்து சென்றதற்கு மட்டுமே.
>
> 11.10.2025 அன்று பாத்திரமும் பவுடரும் இல்லாமல் முழுச் சூடு ஓட்டத்தில் சோதித்தேன். 29-ஆம் நிமிடத்தில், நீர் சூடான பின், அடிப்பகுதியின் இடப்புறம் சொட்டத் தொடங்கியது. கதவின் அடி உலர்ந்திருந்தது. மறுநாள் சூடில்லாத ஓட்டத்தில் ஒழுகவில்லை. வீடியோ உள்ளது. எனவே குறுகிய, சூடில்லாத சோதனையால் இக்கோளாறு தெரியாது.
>
> என் வீட்டு நீரின் கடினத்தன்மை 480 மி.கி./லி. தங்கள் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் உள்ளது. பொருத்திய நாளில் கடினத்தன்மை அளவு அமைக்கப்படவில்லை. அந்த ஷீட்டின் நகல் இணைப்பில்.
>
> நான் கோருவது: (1) அடிப்பகுதியைத் திறந்து முழுச் சூடு ஓட்டத்தில் என் முன்னிலையில் சோதித்து, காரணத்தை எழுத்தில் தருதல், (2) கட்டணமின்றிப் பழுதுநீக்கல், இயலாவிட்டால் மாற்று இயந்திரம், (3) நனைந்து உப்பிய அலமாரிப் பலகைக்கு ரூ. 6,200. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் நடவடிக்கை இல்லையெனில் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.
>
> நகல்: தயாரிப்பு நிறுவனம், விற்ற கடை.

நகல் ஏன் என்றால், இந்தச் சர்வீஸ் கம்பெனி "நாங்கள் ஏஜென்சிதான், முடிவெடுப்பது மேலிடம்" என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறது. மேலிடத்தைக் கேட்டால் "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்பார்கள். மூவர் கையிலும் ஒரே நாளில் ஒரே தாள் இருந்தால் பந்து சுற்றாது என்று ஐயா சொன்னார்.

குடந்தை டீச்சர் | 14 அக்டோபர், மாலை

தபாலாபீஸில் "ரிஜிஸ்டர் தபால்" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண், அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்தாயிற்று மேடம் என்றாள். முகவரிதாரர் கையிலேயே கொடுக்கும்படியும், கொடுத்ததற்கு அத்தாட்சி வரும்படியும் கேட்டு மூன்று கவர் அனுப்பினேன். மின்னஞ்சலிலும் அனுப்பியாயிற்று.

பழைய டைப்பிஸ்ட் | 15 அக்டோபர்

ரசீதையும் ஆன்லைனில் 'டெலிவர்டு' என்று காட்டும் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள். நாளைக்கு ஆணையத்தில் வீடியோ கொடுத்தால் எந்தக் கருவியில் எடுத்தது என்று ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

ஈயச்சொம்பு | 15 அக்டோபர்

கேட்க மறந்தேன். என்னை அந்த மெஷினில் போடலாமா?

திருச்சி ஸ்பேனர் | 15 அக்டோபர்

ரசம் வைக்கிற சொம்பைப் போட்டால் பவுடர் காரத்தில் கறுத்து வெளியே வரும். போடாதீர்கள். அலுமினியமும் அப்படித்தான்.

குடந்தை டீச்சர் | 25 அக்டோபர்

17-ஆம் தேதியே மூன்று கவரும் சேர்ந்துவிட்டன. தீபாவளி முடிந்து இன்று போன். கடிதம் பற்றிப் பேச்சே இல்லை. "வாரண்டி முடியப்போகுது மேடம், இப்பவே ஏ.எம்.சி. போட்டுட்டீங்கன்னா அதுலயே ஒழுகலைச் சரிபண்ணிடுவோம்." சலிப்பில் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

பழைய டைப்பிஸ்ட் | 25 அக்டோபர்

சொன்னீர்களா?

குடந்தை டீச்சர் | 25 அக்டோபர்

இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பழைய டைப்பிஸ்ட் | 25 அக்டோபர்

நல்ல வேளை. ஏ.எம்.சி.யில் சரிசெய்தால் வாரண்டியில் செய்ய வேண்டியதற்கு நீங்களே காசு கொடுத்த மாதிரி. ஏ.எம்.சி. வேண்டுமென்றால் இது முடிந்த பிறகு தனியாகப் போடுங்கள். இன்றைய போனில் பேசியதை இரண்டு வரியில் அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'இன்று இவ்வாறு கூறினீர்கள், நான் ஏற்கவில்லை.' அப்படியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் ஒரு புகார் பதிந்துவிடுங்கள். கோர்ட் இல்லை அது, ஆனால் சில கம்பெனிகளில் அங்கிருந்து போனால் வேறு மேசைக்குப் போகும்.

குடந்தை டீச்சர் | 4 நவம்பர்

எந்த மேசை அசைந்ததோ, இன்று திருச்சியிலிருந்து மூத்த டெக்னீஷியன் வந்தார். நான் லீவ் போட்டேன். கையில் என் கடிதத்தின் பிரிண்ட், இரண்டாம் பத்தியில் கோடு போட்டிருந்தார்.

முழுச் சூடு ஓட்டம் விட்டார். காபி வேண்டாம் என்றார், மாமியாருக்கு அவரை அதிலேயே பிடித்துவிட்டது. அரைமணியில் சொட்டியது. அடியைத் திறந்து காட்டினார். ஸ்பேனர் சொன்ன அதே இடம், பம்பு சேரும் சீல். விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவம். "கடின நீர்ப் படிவம், வாரண்டியில் வராது" என்று எழுதப் பேனா எடுத்தார். நான் மூன்றாம் பத்தியைக் காட்டினேன். காலிக் கட்டம் உள்ள ஷீட்டையும். போனில் யாரிடமோ பத்து நிமிடம் பேசினார். பார்ட் வரவழைக்கிறோம், கட்டணமில்லை என்று எழுதினார்.

ஓ.டி.பி. கேட்டார். மெஷின் இன்னும் ஒழுகுகிறதே என்றேன். சிரித்துவிட்டு 'பார்ட்டுக்காகக் காத்திருப்பு' என்று மாற்றிப் பதிந்தார். அப்படி ஒரு வழி மூன்று மாதமாக இருந்திருக்கிறது!

மன்னை மைனர் | 4 நவம்பர்

மூன்றாம் பத்தி வேண்டாம் என்றவன் நான்தான். ஆனாலும் படிவத்தால்தான் சீல் போயிற்று என்பது உண்மையாக இருந்தால், உங்கள் தப்பும் பாதி இருக்கிறதே?

திருச்சி ஸ்பேனர் | 5 நவம்பர்

கேள்வி நியாயம். படிவத்தால் சீல் கெட்டதா, சீல் முன்பே கசிந்து, கசிந்த தண்ணீர் காய்ந்து படிவம் ஆனதா, பார்த்ததும் சொல்ல முடியாது. கசிகிற எந்த இடத்திலும் வெள்ளை படியும், மேல்தொட்டிக் குழாய் ஜாயின்ட்டைப் பாருங்கள். உள்ளே மற்ற இடத்திலும் படிவம் இருந்ததா டீச்சர்? தண்ணீர் பீய்ச்சும் கையில், கண்ணாடி டம்ளரில்?

குடந்தை டீச்சர் | 5 நவம்பர்

டம்ளரில் லேசான மங்கல் உண்டு. கையின் ஓட்டைகள் சுத்தம். இரண்டு பக்கமும் பேசுகிற மாதிரி இருக்கிறது. இப்போது அளவை ஏற்றி வைத்துவிட்டேன், உப்பு கூடுதலாகக் குடிக்கிறது.

குடந்தை டீச்சர் | 19 நவம்பர்

பார்ட் வந்துவிட்டதாம், ஆனால் கம்ப்யூட்டரில் வாரண்டி 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் வருகைக் கட்டணம், சீல் விலை, வரி எல்லாம் சேர்த்து ஒரு தொகை காட்டுகிறதாம். நீங்கள் பயந்த மாதிரியே, என்னைப் பயமுறுத்திய மாதிரியே. கடித நகலையும் 17-ஆம் தேதி அத்தாட்சியையும் நவம்பர் 4 ஷீட்டையும் பதிலாக அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு மணி நேரத்தில் "தவறுதலாக வந்துவிட்டது மேடம்."

குடந்தை டீச்சர் | 22 நவம்பர்

மாற்றியாயிற்று. பழைய சீலை என் கண் முன்னால் கவரில் போட்டு எடுத்துப் போனார். கால் திருகையும் ஏற்றி மட்டம் பார்த்தார். முழுச் சூடு ஓட்டம், பேப்பர் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் ஓ.டி.பி.

ஜாப் ஷீட்டில் ஒரு வார்த்தை இடறுகிறது: 'நல்லெண்ண அடிப்படையில் கட்டணமின்றி.' வாரண்டியில் என்று எழுதச் சொன்னேன், அந்தக் கட்டம் திறக்கவில்லை என்றார்.

பழைய டைப்பிஸ்ட் | 22 நவம்பர்

பழைய சீலைக் கேட்டு வாங்கியிருக்கலாம், அல்லது படமாவது. போகட்டும். அந்த வார்த்தை சும்மா வரவில்லை அம்மா. பொறுப்பு ஒப்புக்கொள்ளாமல் வேலையை முடிப்பதற்கான வார்த்தை. பலகைக் காசுக்கு அது இடைஞ்சல் ஆகலாம். கையெழுத்துக்குக் கீழே 'கோரிக்கை 3 நிலுவையில்' என்று எழுதினீர்களா?

குடந்தை டீச்சர் | 23 நவம்பர்

எழுதவில்லை. ஒழுகல் நின்ற சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். இன்று மின்னஞ்சலில் எழுதிவிட்டேன், அதே எடை இருக்குமா தெரியவில்லை.

கடல்கடந்த தம்பி | 24 நவம்பர்

அக்கா, இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் பெயரில் பில் இருப்பதை ஊரே பேசுகிறது. 6,200-க்காக தஞ்சாவூருக்கு அலையாதே, நான் அனுப்புகிறேன்.

குடந்தை டீச்சர் | 24 நவம்பர்

நீ அனுப்பினால் கம்பெனி கொடுத்த மாதிரி ஆகுமாடா? சும்மா இரு.

குடந்தை டீச்சர் | 5 டிசம்பர்

கார்த்திகை தீபத்தன்று இரண்டு வேளையும் ஓடியது, அப்பம் சுட்ட எண்ணெய்ச் சட்டி உள்பட. தரை காய்ந்திருந்தது. மாமியார் இன்னும் தினமும் பேப்பர் விரிக்கிறார்.

பலகைக்கு வந்த பதில்: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." 1915-இல் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கிறது. ஆணையத்தில் போட ஒழுகல் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டாலும் 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது என்கிறார் ஐயா. அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடித்துவிட்டு, ஜனவரியில் மனுவின் வரைவை இங்கே போடுகிறேன். கண்ணீர் இல்லாமல்.